அட்டபட்டக் கூடும் கடலைத் தன்சலும்: எங்கள் ஒழுங்கையின் வெசாக் வேலைக் குறிப்பு

இந்த வெசாக்குக்கு மூங்கிலிலும் தாளிலும் கட்டிய விளக்குக் கூடு மழை பட்டது, காற்றில் சுழன்றது, இறக்கும்போதும் கோணாமல் இருந்தது. அதற்கு முந்திய கூடு தாள் ஒட்டி முடியும் முன்னரே பிழிந்த துணிமாதிரி முறுகிப்போய்விட்டது. இரண்டும் ஒரே மூங்கில், ஒரே அளவு, ஒரே ஆட்கள். நடுவில் மாறியது பத்துப் பன்னிரண்டு முழ நூலும், மேலும் கீழும் வைத்த மூங்கில் குறுக்குச் சட்டமும் மட்டும்தான். அதை எழுதிவைக்கத்தான் இந்தக் குறிப்பு. கூட்டோடு சேர்ந்து விகாரைக்குப் பூவட்டியும், வழியில் போகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் கடலைத் தன்சலும் நடந்ததால் அவற்றின் கணக்கும் இதிலேயே வருகிறது.

இடம் களனிப் பக்கம், ஒரு முட்டு ஒழுங்கை. பெரும்பாலும் சிங்கள வீடுகள், எங்களுடையதும் இன்னும் ஒன்றும் தமிழ் வீடுகள். வைகாசிப் பௌர்ணமியில் புத்தரின் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் மூன்றையும் சேர்த்து நினைக்கிறார்கள். களனிக்காரருக்கு இன்னொரு காரணமும் உண்டு. புத்தர் ஞானம் பெற்ற எட்டாம் வருஷம், நாக அரசன் மணியக்கிகனின் அழைப்பில் களனிக்கு வந்தது இதே வெசாக் பௌர்ணமியில்தான் என்று மகாவம்சம் சொல்கிறது. அதனால் அன்றைக்கு விகாரை வழியில் கால்வைக்க இடமிருக்காது. எங்கள் ஒழுங்கை அந்தச் சனம் போகிற வழியில் இருப்பதுதான் தன்சல் போட வசதி.

கூட்டு வேலைக்குத் தலைவர் எதிர்வீட்டுப் பாஸ் மாமா. தச்சுவேலை செய்து ஓய்ந்தவர். என்னைப் ‘புத்தே’, அதாவது மகனே, என்றுதான் கூப்பிடுவார். பசை பிசைய என்னையும், தாள் வெட்டத் தன் பேத்தியையும் பிடித்துக்கொண்டார்.

அட்டபட்டக் கூட்டைப் பார்த்தால் சிக்கலாகத் தெரியும். கட்டும்போது அப்படியில்லை. ஒரே நீளத்தில் 24 மூங்கில் சிம்பு வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் எடுத்த அளவு முடிச்சுக்கு முடிச்சு 12 அங்குலம். கட்டுவதற்கு இரு பக்கமும் கால் அங்குலம் விட்டு 12½ அங்குலமாக வெட்டினோம். சிம்பின் அகலம் கால் அங்குலம், கனம் அதில் பாதி. மூங்கிலின் கணு சிம்பின் நடுவில் வந்தால் அந்த இடம் வளையாமல் தடித்து நிற்கும், தாளும் அதில் கிழியும். எனவே கணுவை ஓரத்துக்குத் தள்ளி வெட்டவேண்டும், அல்லது அந்தத் துண்டையே ஒதுக்கவேண்டும். பாஸ் மாமா 24 சிம்புக்கு 35 சீவினார். மிச்சம் ஒன்றும் வீணாகவில்லை. குறுக்குச் சட்டத்துக்கும், கட்டும்போது முறிந்தவற்றுக்கு மாற்றாகவும் போய்விட்டன.

மூங்கில் முற்றியதாகவும் காய்ந்ததாகவும் இருக்கவேண்டும். பச்சை மூங்கில் சீவ இலகு, ஆனால் காயக் காயச் சுருங்கும். இன்றைக்கு இறுக்கிய முடிச்சு நாலு நாளில் மோதிரம் மாதிரி சுழலும். காய்ந்ததா என்று பார்க்க மாமாவின் வழி எளிது: சிம்பை மேசை விளிம்பில் தட்டுவார். பச்சை மந்தமாகச் சத்தம் போடும், காய்ந்தது டிக்கென்று கேட்கும்.

முதலில் நாலு சதுரம் கட்டவேண்டும். ஒவ்வொன்றும் நாலு சிம்பு. பிறகு நாலையும் முனையில் நிறுத்தி, அதாவது பட்டம் மாதிரிக் கோணலாகப் பிடித்து, பக்க முனைகளை ஒன்றோடொன்று கட்டினால் வட்டமாக நிற்கும். இப்போது மேலே நாலு முனை, கீழே நாலு முனை நீட்டிக்கொண்டிருக்கும். மேல் முனைகளை நாலு சிம்பாலும் கீழ் முனைகளை நாலு சிம்பாலும் இணைத்தால் கூடு முடிந்தது. பக்கத்தில் நாலு, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஆறு சதுரம் வரும். அவற்றுக்கு நடுவில் எட்டு முக்கோணம் தானாகவே விழும். முக்கோணத்துக்கென்று தனியாக ஒரு சிம்பும் வெட்டத் தேவையில்லை.

ஒவ்வொரு முனையிலும் நாலு சிம்பு கூடும். நூலால் நேரே கட்டப் போனால் மூன்றாவது சிம்பு வரும்போது முதலாவது நழுவும். அதனால் முதலில் எல்லா முனைக்கும் இறப்பர் வளையம் போட்டுக் கூட்டை முழுதாக நிறுத்திவிட்டோம். பிறகு ஒவ்வொரு முனையாகப் பருத்தி நூலைப் பெருக்கல் குறியாகச் சுற்றி இறுக்கி, வளையத்தை வெட்டி எடுத்தோம். நைலோன் நூல் வழுக்கும். பருத்தி நூலில் ஒரு சொட்டுப் பசை விட்டால் காய்ந்து கல்லாகிவிடும்.

இந்த இடத்தில்தான் முந்தைய கூடு போனது. 24 சிம்பும் கட்டி முடிந்ததும் கூடு நிமிர்ந்து நிற்கும், பார்க்க அழகாயிருக்கும். தாள் ஒட்டலாம் என்று தோன்றும். ஆனால் மேல் சதுரத்தை ஒரு கையாலும் கீழ்ச் சதுரத்தை மறு கையாலும் பிடித்து மெல்லத் திருகிப் பார்த்தால் முழுக் கூடும் சுழன்று அமுங்கும். முக்கோணம் அசையாது, சதுரம்தான் சாயும். ஒரு சதுரம் சாய்ந்தால் மற்றவையும் சேர்ந்து சாயும். தாள் இதைத் தாங்கும் என்று முன்பு நினைத்திருந்தோம். ஈரப் பசை பட்ட டிஷ்யூ தாளுக்கு அந்தப் பலம் இல்லை. நாலு முகம் ஒட்டி முடிவதற்குள் கூடு ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது, ஒட்டிய தாளிலும் மூலைக்கு மூலை சுருக்கம் விழுந்தது.

இம்முறை ஒவ்வொரு சதுரத்துக்கும் இரண்டு மூலைவிட்டத்திலும் நூல் இழுத்தோம். பக்கம் 12 அங்குலம் என்றால் மூலைவிட்டம் 17 அங்குலம் வரவேண்டும். 17 அங்குலத்தில் ஓர் அளவுக்கோல் வெட்டி வைத்துக்கொண்டு, இரண்டு மூலைவிட்டமும் அந்தக் கோலுக்குச் சமமாக வந்த பிறகே நூலை இறுக்கினோம். ஒரு நூல் மட்டும் போதாது. நூல் இழுப்பைத்தான் தாங்கும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் தொய்ந்துவிடும். மேல் சதுரத்துக்கும் கீழ்ச் சதுரத்துக்கும் நூலுக்குப் பதில் மூங்கில் குறுக்குச் சட்டம் வைத்தோம். மேற்சட்டத்தின் நடுவில் தொங்கவிடும் கம்பி, அதிலேயே பல்பின் வயர். ஆறு சதுரத்திலும் வேலை நடக்கவேண்டும். ஐந்தில் செய்துவிட்டு ஒன்றை விட்டால் அந்த ஒன்றின் வழியாகவே கூடு திருகும். சோதித்துப் பார்த்தோம், உண்மைதான். நூல் வெள்ளையும் மெல்லியதுமாக இருந்ததால் விளக்குப் போட்டபின் நிழலும் தெரியவில்லை.

தாளைச் சிங்களத்தில் சவ்கொள என்பார்கள். கடையில் கிடைத்தது 20க்கு 30 அங்குலம். வெள்ளையும் செம்மஞ்சளும் எடுத்தோம். மேல் சதுரத்தை மூடுவதில்லை, சூடு போகவேண்டும். எனவே சதுரத்துக்கு ஐந்து துண்டு, ஒட்டும் ஓரம் சேர்த்து 13 அங்குலம். ஒரு தாளில் இரண்டு சதுரம் வரும். முக்கோணத்துக்கு ஓரத்தோடு பக்கம் கிட்டத்தட்ட 13¾ அங்குலம், உயரம் 12. தாளின் நீளவாக்கில் ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்து வெட்டினால் ஒரு தாளில் மூன்று. ஆக சதுரத்துக்கு மூன்று தாள், முக்கோணத்துக்கு மூன்று தாள். ஒவ்வொன்றிலும் ஏழெட்டு அங்குல அகலத்தில் முழு நீளப் பட்டி மிஞ்சும். அதுதான் வாலுக்கு. பக்க முனை நாலு, கீழ் முனை நாலு என்று எட்டு வால் வேண்டும். மிச்சப் பட்டியில் ஆறு வந்தது, ஏழாவது தாளில் மீதி இரண்டும். பேத்திதான் இந்தக் கணக்கைப் போட்டாள். நாங்கள் ஒரு டசன் தாள் வாங்கி வைத்திருந்தோம்.

வால் செய்வது சின்ன வேலை, ஆனால் பொறுமை வேண்டும். பட்டியை நீளவாக்கில் கால் அங்குல இழையாகக் கத்தரித்து, தலையில் இரண்டு அங்குலம் வெட்டாமல் விடவேண்டும். அந்தத் தலையைச் சுருட்டி முனையில் கட்டினால் குஞ்சம். நாலு பட்டியை ஒன்றாக வைத்து வெட்டினால் கீழ்த் தாள் நழுவிக் கோணலாகும். இரண்டுக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது.

பசை கோதுமை மாவில். ஒரு கோப்பை மாவுக்கு ஐந்து கோப்பை தண்ணீர், முதலில் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பில் வைத்துக் கண்ணாடி மாதிரித் தெளியும்வரை கிண்டவேண்டும். வெள்ளையாக இருக்கும்போது இறக்கினால் ஒட்டாது. பூச்சி, கரப்பான் வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள். சிங்களத்தில் அதற்குப் பல்மாணிக்கம் என்று பெயர். பெயர் அழகு, சரக்கு நஞ்சு. அதனால் பசைக்கென்று பழைய தகரப் பேணி ஒன்றை ஒதுக்கிவிட்டோம், அது திரும்பச் சமையலறைக்குள் வராது.

பசையைத் தாளில் பூசக்கூடாது. சிம்பில் பூசி, உலர்ந்த தாளை அதன்மேல் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தள்ளவேண்டும். முதலில் எட்டு முக்கோணமும், அது காய்ந்தபிறகு சதுரமும். முக்கோணம் செம்மஞ்சள், அதன் ஓரத்தை வெள்ளைச் சதுரத்தின் ஓரம் மறைத்துவிடும். மாற்றிச் செய்தால் வெள்ளையின் மேல் செம்மஞ்சள் ஓரம் பற்கள் மாதிரி நீட்டிக்கொண்டு தெரியும். கீழ்ச் சதுரத்தைக் கடைசியில், பல்பு மாட்டியபிறகு ஒட்டினோம்.

வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி வைக்கலாமென்று பாஸ் மாமாவுக்கு ஆசை. அவர் சின்ன வயதில் பார்த்த கூடு எல்லாம் அப்படித்தான். வைத்தும் பார்த்தோம். வர்த்தி நேராக எரிந்தால் பயமில்லை, இந்த அளவில் நடுவிலிருந்து பக்கத் தாளுக்கு எட்டரை அங்குலம் இருக்கிறது. ஆனால் கூடு காற்றில் ஆடும், சுடர் சாயும், மெழுகு ஒழுகிக் கீழ்த் தாளில் துளை விழும். கம்பியில் தொங்கும் கூட்டுக்கு எல்.ஈ.டி. பல்புதான் சரி. மஞ்சள் வெளிச்சம் தரும் 5 வாட் போதும். வெள்ளை வெளிச்சத்தில் செம்மஞ்சள் தாள் செத்த நிறமாகத் தெரியும். மெழுகுவர்த்தி ஆசையை மதிலோரம் களிமண் சுட்டி வைத்துத் தேங்காயெண்ணெயில் தீர்த்துக்கொண்டோம்.

மே மாதம் மேல்மாகாணத்தில் பின்னேர மழை நிச்சயம். முழுக் கூட்டையும் பொலித்தீனால் மூடிய வீடுகளைப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே போகாது, ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேயும் போகாது. காலையில் தாள் தொய்ந்து, வெளிச்சமும் மங்கிப்போயிருக்கும். நாங்கள் மேல் சதுரத்துக்கு நாலு அங்குலம் உயரத்தில், கூட்டைவிடக் கொஞ்சம் அகலமான தெளிவான பொலித்தீனைத் தொப்பி மாதிரிக் கட்டினோம். சாரல் பட்ட இரண்டு வாலில் சாயம் இறங்கியது, உடம்புக்கு ஒன்றுமில்லை. வயர் இணைப்பு எதுவும் கூட்டின் பக்கத்தில் இல்லை. ஒரே துண்டு வயரை வீட்டுப் பிளக்வரை கொண்டுவந்தோம், அந்தப் பிளக் ட்ரிப் சுவிட்ச் உள்ள சுற்றில். ஈரமான கூட்டைச் சரிசெய்யப் போகுமுன் பிளக்கைக் கழற்றுவது என்று ஒழுங்கைப் பிள்ளைகளுக்குச் சட்டமே போட்டுவிட்டார் மாமா. கூட்டுக்கான மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இந்த வயரும் பல்பும்தான். மூங்கில் ஆற்றோரத்து வீடொன்றில் சும்மா கிடைத்தது.

பூ வேலை பௌர்ணமி அன்று விடியற்காலையில். இது பாஸ் மாமாவின் மனைவியின் பொறுப்பு, நாங்கள் எடுபிடி. முதல்நாள் பின்னேரமே தாமரை மொட்டு வாங்கித் தண்டோடு வாளித் தண்ணீரில் நிறுத்திவைத்தார். இதழ் மடிப்பதை முதல்நாள் இரவே முடித்தால் காலையில் தூங்கலாமே என்று கேட்டேன். ஒரே ஒரு பூவை மடித்துக் கையில் தந்து, “காலையில் பார்” என்றார். காலையில் மடிப்பு விழுந்த கோடெல்லாம் பழுப்பாகியிருந்தது. தாமரையிதழ் நசுங்கிய இடத்தில் சில மணி நேரத்தில் கறுக்கும். அதனால் மடிப்பு வேலை புறப்படுவதற்குச் சற்று முன்னர்தான். வெளியிதழை நுனியால் உள்ளே மடித்து அடியில் செருகி, அடுத்த வரிசையையும் அப்படியே செய்தால் நடுவிலுள்ள மஞ்சள் பொகுட்டு திறந்து தெரியும். தண்டை ஒட்ட வெட்டிவிடவேண்டும், இல்லாவிட்டால் வட்டியில் நேராக உட்காராது.

அரலியாப் பூவைக் கீழே விழுந்ததிலிருந்து பொறுக்குவதில்லை. மரத்திலிருந்து பறிக்கும்போது காம்போடு ஒடித்தால் பால் வடியும், அது விரலிலும் வட்டியிலும் ஒட்டிக் கறையாகும். பூவை மட்டும் காம்பிலிருந்து மெல்ல இழுத்து, தண்ணீரில் போட்டு, பால் நின்றபிறகு எடுத்தோம். பிறகு எல்லாப் பூவையும் சுத்தமான தண்ணீரில் அலசி, பிரம்பு வட்டியில் தாமரையை நடுவிலும் அரலியாவைச் சுற்றியும் அடுக்கினோம். பூசைக்கு எடுத்த பூவை மோந்து பார்க்கக்கூடாது என்பது எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம், அதில் எனக்குப் புதிதாகப் படிக்க ஒன்றும் இருக்கவில்லை. வைக்கும்போது சொல்லும் பாளிப் பாட்டுத்தான் புதிது. நிறமும் மணமும் நிறைந்த இந்தப் பூவால் பூசிக்கிறேன், இது வாடுவதுபோல என் உடம்பும் அழிவை நோக்கிப் போகிறது என்று அதில் வரும். விகாரையில் பூத்தட்டு நிறைய நிறையத் தொண்டர்கள் அள்ளி இடம் பண்ணிக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவு அடுக்கியும் நாங்கள் அடுக்கிய வட்டி முழுதாக இருந்தது கொஞ்ச நேரம்தான்.

தன்சலுக்கு வருகிறேன். சோற்றுத் தன்சல் பெரிய வேலை, ஐஸ்கிரீமுக்குக் குளிரூட்டி வேண்டும். கடலைதான் ஒழுங்கைக்கு ஏற்றது. அதிகம் கெட்டுப்போகாது, கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம், சைவம்.

முதலில் பீ.எச்.ஐ.யிடம் பதிவு. அதாவது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் உள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகர். எங்கே சமைக்கிறீர்கள், தண்ணீர் எங்கிருந்து, யார் பரிமாறுகிறார்கள் என்று கேட்பார், இடத்தையும் வந்து பார்ப்பார். எங்கள் வீட்டுக் கொட்டிலில் சமைப்பதாக இருந்தோம், கிணற்று மூடி சரியில்லை என்று குழாய்த் தண்ணீர் உள்ள வீட்டுக்கு மாற்றச் சொன்னார். அச்சடித்த பழைய தாளில் சுருள் செய்து கொடுப்பதும் வேண்டாமென்றார். அதனால் வாழையிலையைச் சதுரமாகக் கிழித்துத் தணலில் வாட்டினோம். வாட்டாத இலை மடிக்கும்போது நரம்போடு வெடிக்கும்.

கடலை 25 கிலோ. காய்ந்த கடலை ஊறி வெந்தால் எடை இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போகும். எங்களுக்கு 55 கிலோவுக்குக் கிட்ட வந்தது. ஆளுக்கு ஓர் அகப்பை, ஏறத்தாழ 100 கிராம் என்று கொடுத்தால் ஐந்நூறு பேருக்கு வரும். ஊறவைக்கும் பாத்திரத்தில்தான் கவனம் வேண்டும். 25 கிலோ கடலை பார்வைக்கு முப்பது லீற்றர் சொச்சம்தான் இருக்கும், ஊறியதும் எழுபதைத் தொடும். அதற்கு மேலே தண்ணீரும் நிற்கவேண்டும். ஒரே பீப்பாவில் போட்டால் அடியிலுள்ளது நசுங்கும், மேலே எழும்பியது காயும். நாலு பெரிய வாளியில் பிரித்தோம். மே மாதப் புழுக்கத்தில் இரவு முழுக்க ஒரே தண்ணீரில் விட்டால் காலையில் நுரைத்துப் புளித்த மணம் வரும். படுக்கப்போகும் முன் ஒருதடவை தண்ணீர் மாற்றினோம், எழுந்ததும் இன்னொரு தடவை. பத்து மணி நேரம் ஊறினால் போதும். ஒரு கடலையைக் கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு இருக்கக்கூடாது.

இரண்டு கிடாரத்தில் அவித்தோம். ஒன்றில் பக்கத்து வீட்டு அக்கா சீக்கிரம் வேகட்டும் என்று அப்பச்சோடாவைக் கையால் அள்ளிப் போட்டுவிட்டார். வெந்ததென்னவோ சீக்கிரம்தான். ஆனால் தோல் கழன்று, கடலை குழைந்து, வாயில் சவர்க்காரச் சுவை லேசாகத் தட்டியது. கழுவித் தாளித்ததும் ஓரளவு மறைந்தது. மற்றக் கிடாரத்தில் சோடா இல்லை, ஒன்றரை மணி நேரம் எடுத்தது, ஒவ்வொரு கடலையும் தனித்தனியாக நின்றது. எரிவாயு மிச்சம் பிடிப்பதற்காகச் சோடா போடுவது எங்களுக்குச் சரிவரவில்லை. உப்பு கடலை வெந்தபிறகு போட்டோம், மொத்தத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

தாளிதம் ஒரே தரத்தில் செய்யமுடியாது. பெரிய தாச்சியில் எட்டுக் கிலோ, பத்துக் கிலோவாகத்தான் பிரட்டமுடியும். மொத்தமாகத் தேங்காயெண்ணெய் இரண்டரை லீற்றர், வெங்காயம் மூன்று கிலோ, இடித்த செத்தல் மிளகாய் 400 கிராம், தேங்காய் பதினைந்து, கடுகு, கறிவேப்பிலை. தேங்காயைத் துருவாமல் பல்லுப்பல்லாகச் சீவி வதக்கினோம். துருவிப் போட்டால் பின்னேரம் நாலு மணிக்குள் புளிக்கத் தொடங்கும். முதல் தாச்சியைத் தாளித்து வைத்துவிட்டு மற்றதெல்லாம் கூட்டம் நகர நகரத் தாளித்தோம். சூடாகவே கொடுக்க முடிந்தது, மிஞ்சுமோ என்ற கவலையும் குறைவு. செலவில் பெரும்பங்கு கடலைக்கு, அடுத்தது தேங்காய். அந்தப் பதினைந்து தேங்காயையும் முனையிலுள்ள கடைக்காரர் பணம் வாங்காமல் தந்துவிட்டார்.

முதல் அகப்பையை எடுத்துப் பகல் 11 மணிக்கு முன்னரே புத்தர் படத்துக்குப் படைத்தார்கள். பன்னிரண்டைத் தாண்டினால் படையலும் இல்லை, பிக்குமார் உண்பதும் இல்லை. தன்சல் பின்னேரம்தானே, காலையிலேயே ஏன் அவிக்கவேண்டும் என்று கேட்டிருந்தேன். இதுதான் காரணம்.

அந்தப் பன்னிரண்டு மணிக்கணக்கின் மறுபக்கத்தை நாங்கள் முன்னொரு வெசாக்கில் கவனிக்கவில்லை. பின்னேரம் மூன்று நாலு மணிக்கு விகாரையிலிருந்து வெள்ளை உடுப்போடு வருபவர்கள்தான் அதிகம். அவர்கள் சில் எடுத்தவர்கள். எட்டுச் சீலத்தில் நடுப்பகலுக்குப் பிறகு சாப்பிடாமலிருப்பதும் ஒன்று. கடலையை இரு கையாலும் நீட்டினால் சிரித்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வெயிலில் நடந்து களைத்துப்போன வயதானவர்கள் ஒன்றும் வாங்காமல் போவது பார்க்கச் சங்கடமாக இருந்தது.

இம்முறை கடலைக்குப் பக்கத்தில் பெலிமல் வைத்தோம். காய்ந்த வில்வம்பூதான். பத்து லீற்றர் தண்ணீருக்கு 150 கிராம், கொதித்தபிறகு இருபது நிமிஷம் சின்னத் தீயில் வைத்தால் செம்மண் நிறம் வரும். துணியில் வடிகட்டவேண்டும். தூளாகிப்போன இதழ் தொண்டையில் சிக்கும், வடிகட்டாததைச் சில் எடுத்தவர்கள் வாங்கவும் மாட்டார்கள். சீனி போடவில்லை, கித்துள் கருப்பட்டித் துண்டைத் தனியாகக் கையில் கொடுத்தோம். கடித்துக்கொண்டே குடிப்பார்கள். இரண்டு பானை வைத்தோம், கடலை பாதி போவதற்குள் இரண்டும் காலி. அடுத்த முறை நாலு பானை, அதுவும் இரண்டு மணிக்கே தயாராக.

வரிசையைப் பற்றி ஒன்று. மேசையை ஒழுங்கை வாயில் போட்டிருந்தோம். ஆட்டோக்காரர், வான்காரர் எல்லாம் அங்கேயே நிறுத்தப் பின்னால் வாகனம் தேங்கியது. மேசையை இருபது அடி உள்ளே தள்ளி, வாயில் கொடியோடு ஒரு பையனை நிறுத்தியதும் ஆட்கள் இறங்கி நடந்து வந்தார்கள். இதை முதலிலேயே செய்யலாம். ஆறரைக்குக் கூட்டில் விளக்குப் போட்டோம், அதற்குப் பிறகு வந்தவர்கள் அதன் கீழே நின்றுதான் கடலை சாப்பிட்டார்கள். எட்டு மணிக்குக் கடலை முடிந்தது. முடிந்தபிறகு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு பெட்டி பிஸ்கட் வைத்திருந்தால் வெறும் கையைக் காட்டாமல் இருந்திருக்கலாம்.

கூட்டை ஒரு கிழமைக்குப் பிறகு இறக்கினோம். தாளோடு பரணில் போடலாம் என்றேன், பாஸ் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. மயில்துத்தம் போட்டாலும் மாப்பசைக்கு வெள்ளிப்பூச்சி வரும், அது பிறகு அலமாரிப் புத்தகத்துக்கும் போகும். தாளைக் கிழித்து, சிம்பில் ஒட்டியிருந்த பசையை ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் ஒருநாள் போட்டோம். மூலைவிட்ட நூலில் இரண்டு தொய்ந்திருந்தது, அவற்றை மட்டும் வெட்டிவிட்டுப் புதிது கட்டினார். சட்டகம் இப்போது அவர் வீட்டுப் பரணில், 17 அங்குலக் கோலும் அதன் உள்ளேயே கட்டிவைத்திருக்கிறது. அடுத்ததற்கு 18 அங்குலச் சிம்பில் கட்டுவோமா என்று கேட்கிறார். மூடவேண்டிய பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் போகும் என்று பேத்தி சொல்லிவிட்டாள். 15 அங்குலத்தில் வந்து நிற்கிறார்கள்.